யூரின் பேக்கும் ஐ.ஓ. சார்ட்டும்: நர்சிங் தேர்வுக்குப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எம்.ஆர்.பி., நார்செட் என்று படித்துக்கொண்டிருக்கும் ஜூனியர்கள் டியூட்டி ரூமில் என்னிடம் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் இருந்தன. ஐ.ஓ. சார்ட்டை ஒரு பாடமாகவும் கதீட்டர் கேரை வேறொரு பாடமாகவும் படிப்பதால்தான் பல சந்தேகங்கள் வருகின்றன. சார்ட்டில் நாம் எழுதும் யூரின் அளவு அந்த டியூப் வழியாகத்தான் வருகிறது. டியூப் கெட்டால் எண்ணும் கெடும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா, இன்டேக்கில் எதெல்லாம் எழுதணும்? இட்லிக்கு ஊத்துற சாம்பாரையும் எழுதணுமா?

அறை வெப்பத்தில் நீராக இருப்பது எல்லாம் இன்டேக். தண்ணீர், டீ, இளநீர், மோர், கஞ்சி, சூப் எல்லாம் இதில் வரும். ஐஸ்கிரீமும் உருகினால் நீர்தான், அதனால் அதையும் எழுத வேண்டும். இட்லி, சோறு, பழம் போன்ற திடஉணவை எழுதுவதில்லை. கிண்ணத்தில் தனியாகக் குடித்த ரசம் கணக்கில் வரும், சோற்றில் பிசைந்த ரசம் வராது. ஐஸ் துண்டு கொடுத்தால் அதன் அளவில் பாதியை எழுத வேண்டும்: 100 மில்லி கப் நிறைய ஐஸ் என்றால் 50 மில்லி. இதைத் தேர்வில் அடிக்கடி கேட்கிறார்கள்.

மறந்துபோவது வேறு இடத்தில். ஆன்டிபயாடிக் கலந்து ஏற்றிய 100 மில்லி என்.எஸ்., ரைல்ஸ் டியூப் ஃபீடுக்கு முன்னும் பின்னும் விட்ட தண்ணீர், ஏற்றிய ரத்தம் இவையும் இன்டேக்தான். இன்னொன்று: வீட்டிலிருந்து வரும் சில்வர் டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு அளவு. “ரெண்டு டம்ளர் குடிச்சாரும்மா” என்று அட்டெண்டர் சொன்னால், அந்த டம்ளரில் தண்ணீர் நிரப்பி அளவு ஜாடியில் ஒருமுறை ஊற்றிப் பார்த்துவிடுங்கள். 120 மில்லியாகவும் இருக்கலாம், 250 மில்லியாகவும் இருக்கலாம்.

வியர்வை, மூச்சு வழியா போற தண்ணியை அவுட்புட்ல சேர்க்கணுமா?

வார்டு சார்ட்டில் சேர்ப்பதில்லை, அளக்க முடியாததால். யூரின், வாந்தி, ரைல்ஸ் டியூப் ஆஸ்பிரேட், டிரெய்ன், தண்ணீராகப் போகும் பேதி இவை அவுட்புட். டயப்பர் கட்டியிருந்தால் ஈர டயப்பரின் எடையில் உலர்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். 1 கிராம் என்பது 1 மில்லி.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீர் சார்ட்டுக்குள் வராததால்தான் தினசரி எடை முக்கியமாகிறது. உடம்பில் 1 லிட்டர் நீர் கூடினால் எடை 1 கிலோ கூடும். “நீர்ச்சமநிலையைக் காட்டும் மிக நம்பகமான அளவு எது” என்று கேட்டு, விடைகளில் ஐ.ஓ. சார்ட்டும் தினசரி எடையும் இருந்தால் எடையைத் தேர்ந்தெடுங்கள். காலையில், யூரின் போனபின், சாப்பிடும் முன், ஒரே தராசில், ஒரேமாதிரி உடையில் பார்க்கும் எடை.

பாசிட்டிவ் பேலன்ஸ், நெகட்டிவ் பேலன்ஸ் குழப்பமா இருக்கு. ஒரு கணக்கு முழுசா போட்டுக் காட்டுங்களேன்?

உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் பாசிட்டிவ், கூடுதலாக வெளியேறியிருந்தால் நெகட்டிவ். 60 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், கதீட்டரும் டிரெய்னும் இருக்கின்றன. காலை ஷிஃப்டில் 8 முதல் 2 வரை ஆர்.எல். 500, ஆன்டிபயாடிக் 100, தண்ணீர் 100, ஒரு கப் ஐஸ் (50 என்று எழுதுவோம்): மொத்தம் 750. வெளியே யூரின் 280, டிரெய்ன் 60: மொத்தம் 340. மாலை 2 முதல் 8 வரை டி.என்.எஸ். 500, இளநீர் 150, கஞ்சி 200: மொத்தம் 850. யூரின் 210, வாந்தி 150: மொத்தம் 360. இரவு 8 முதல் காலை 8 வரை ஆர்.எல். 500, ஆன்டிபயாடிக் 100, தண்ணீர் 100: மொத்தம் 700. யூரின் 150, டிரெய்ன் 40: மொத்தம் 190.

24 மணி நேரத்தில் இன்டேக் 2300, அவுட்புட் 890. பேலன்ஸ் +1410. தேர்வில் கேட்கும் விடை இதோடு முடிந்தது. வார்டில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. யூரினை மட்டும் தனியாக எடுத்து மணிக்கு வகுத்துப் பாருங்கள். காலையில் மணிக்கு 47 மில்லி வந்தது, மாலையில் 35, இரவில் 12.5. மொத்த யூரின் 640 மில்லி என்று பார்த்தால் பெரிதாகப் பயப்படத் தோன்றாது. ஷிஃப்ட் வாரியாகப் பார்த்தால் இரவில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிகிறது. இந்த நோயாளியிடம் கீழே இரண்டு கேள்விகளில் திரும்ப வருவேன்.

மணிக்கு 30 மில்லின்னு ஒரு புக், கிலோவுக்கு 0.5 மில்லின்னு இன்னொரு புக். எதை டிக் பண்ணுறது?

இரண்டும் ஒரே கணக்குதான். 60 கிலோ பெரியவருக்கு 0.5 ஆல் பெருக்கினால் 30 வரும். கேள்வியில் எடை கொடுத்திருந்தால் 0.5 கணக்கைப் போடுங்கள். 80 கிலோ ஆளுக்கு 40 மில்லி வேண்டும், அவருக்கு 32 வந்தால் அது குறைவு. எடை கொடுக்காவிட்டால் 30.

ஆலிகூரியா என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழ். மேலே சொன்ன நோயாளிக்கு 640 வந்திருப்பதால் நாள் கணக்கில் அவர் அதற்குள் வரமாட்டார். ஆனால் இரவு 12 மணி நேரமும் 30-க்குக் கீழேயே இருந்திருக்கிறார். “ஆலிகூரியா இல்லை, எனவே தொடர்ந்து கவனிக்கவும்” என்று ஒரு விடை வைத்து ஏமாற்றுவார்கள்.

யூரின் குறைஞ்சிட்டா முதல்ல டாக்டரைக் கூப்பிடணுமா, ஃப்ளூயிட் வேகத்தைக் கூட்டணுமா?

முதலில் போர்வையை விலக்கி டியூபைப் பாருங்கள். மீட்டஸிலிருந்து பேக் வரை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கும், பெட் ரெயிலில் சிக்கியிருக்கும், அல்லது பேக்குக்குக் கீழே வளையமாகத் தொங்கி அதில் யூரின் தேங்கியிருக்கும். ஆர்டர் இல்லாமல் ஃப்ளூயிட் வேகத்தைக் கூட்டக் கூடாது.

நம் நோயாளிக்கு அதுதான் நடந்தது என்று வையுங்கள். இதேபோல ஒன்றை நானே செய்திருக்கிறேன். காலை ஓவர் கொடுக்கும்போது இன்சார்ஜ் சிஸ்டர் போர்வையைத் தூக்கினார், டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பேக்கில் 350 மில்லி இறங்கியது. இரவெல்லாம் அவர் புரண்டு புரண்டு படுத்ததை வலி என்று நினைத்து எழுதியிருந்தேன். அடிவயிறு உப்பியிருந்ததையும், கதீட்டரைச் சுற்றி ஈரம் கசிந்ததையும் பார்த்திருந்தால் நள்ளிரவிலேயே தெரிந்திருக்கும். இரவு யூரின் 150-உடன் 350-ஐச் சேர்த்தால் 500, மணிக்கு 42 மில்லி. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, டியூப்தான் அடைபட்டிருக்கிறது.

டியூப் சரியாக இருந்து, சிறுநீர்ப்பையும் காலியாக இருந்து, யூரின் இன்னும் குறைவாக வந்தால் பி.பி., பல்ஸ் பார்த்துவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிரிஞ்சில் சலைன் எடுத்து நீங்களாக ஃப்ளஷ் செய்ய வேண்டாம்.

அந்த 350-ஐ நைட் காலத்துலேயே எழுதிடலாமா? கணக்கு சரியா வருமே?

கூடாது. அளந்த நேரம் காலை 8:15 என்றால் 8:15 என்று எழுதி, பக்கத்தில் “டியூப் மடங்கியிருந்தது, சரிசெய்தபின்” என்று குறிப்பு போடுங்கள். முந்தைய ஷிஃப்டின் எண்ணைத் திருத்தினால், இரவில் ஓட்டம் நின்றிருந்தது என்ற தகவலே சார்ட்டிலிருந்து மறைந்துவிடும். அந்தத் தகவல் பின்னால் காய்ச்சல் வந்தால் தேவைப்படும், ஏனென்றால் தேங்கிய யூரின் கிருமிக்கு நல்ல இடம்.

டி.யு.ஆர்.பி. கேஸ்ல பேக் நிமிஷத்துக்கு நிமிஷம் நிறையுது. யூரினை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேக்கில் வந்த மொத்தத்திலிருந்து உள்ளே விட்ட இரிகேஷன் சலைனைக் கழிக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் 4500 மில்லி உள்ளே போய் 5200 வெளியே வந்தால் யூரின் 700. வெளியே வந்தது உள்ளே போனதைவிடக் குறைவாக இருந்தால் அது கணக்குப் பிழையாக இருக்காது, ரத்தக்கட்டி அடைத்திருக்கும். இரிகேஷனை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பலூனை சலைனால் நிரப்பினா என்ன ஆகும்? 10 மில்லியா 30 மில்லியா?

டிஸ்டில்டு வாட்டர்தான். சலைனில் இருக்கும் உப்பு படிகமாகிச் சின்ன குழாயை அடைத்தால், எடுக்கும்போது பலூன் சுருங்காது. அளவு கதீட்டரின் வாயிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் படித்துப் போடுங்கள். சாதாரணப் பெரியவர்களுக்கு 10 மில்லி பலூன் போதும். 30 மில்லி பெரும்பாலும் புரோஸ்டேட் அறுவைக்குப்பின் ரத்தக்கசிவை அழுத்திப் பிடிக்க.

யூரின் வந்தபின்தான் பலூன், அதுவும் இன்னும் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளியபின். ஆண்களுக்கு ‘ஒய்’ பிரியும் இடம் வரை. நிரப்பும்போது நோயாளி வலி என்றால் பலூன் யூரித்ராவில் இருக்கிறது, தண்ணீரை எடுத்துவிட்டு மேலும் உள்ளே தள்ள வேண்டும். பெண் நோயாளிக்குத் தவறி வஜைனாவில் போய்விட்டால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் புது ஸ்டெரைல் கதீட்டரை மேலே போடுங்கள். முதல் கதீட்டர் அடையாளமாக நிற்கும். வெளியே எடுத்து அதையே மறுபடி போடுவது எல்லாத் தேர்விலும் தப்பான விடை.

ஸ்ட்ரெச்சரில் ஷிஃப்ட் பண்ணும்போது பேக்கை வயித்து மேலே வைக்கிறாங்களே, பரவாயில்லையா?

தப்பு. பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் பேக்கில் கிடந்த யூரின் திரும்ப உள்ளே ஓடும். கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் கீழ்க் கம்பியில் மாட்டுங்கள். அதே சமயம் தரையிலும் படக் கூடாது. பெட் ஃப்ரேமில் மாட்டலாம், ஏறி இறங்கும் பெட் ரெயிலில் மாட்டக் கூடாது. யாராவது ரெயிலைத் தூக்கினால் பேக்கும் சேர்ந்து மேலே போகும்.

காலி செய்யும்போது சாதாரண கிளவ்ஸ் போதும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜாடி வேண்டும், பேக்கின் வடிகுழாய் முனை ஜாடியில் படக் கூடாது. ஒரே ஜாடியோடு ஆறு பெட்டுக்கும் போனால் முதல் பெட்டின் கிருமி ஆறாம் பெட்டுக்குப் போய்விடும். அளவையும் ஜாடியிலேயே கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பேக்கில் போட்டிருக்கும் கோடுகள் தோராயம்தான்.

கல்ச்சருக்கு பேக்கின் கீழ்க் குழாயைத் திறந்து எடுத்தா போதாதா?

போதாது. பேக்கில் மணிக்கணக்காகக் கிடந்த யூரினில் கிருமி பெருகியிருக்கும், ரிசல்ட் பொய் சொல்லும். சாம்பிள் போர்ட்டுக்குக் கீழே டியூபை 15 முதல் 30 நிமிடம் கிளாம்ப் செய்து, போர்ட்டை ஆல்கஹால் ஸ்வாபால் துடைத்து, ஸ்டெரைல் சிரிஞ்சில் எடுங்கள். முடிந்ததும் கிளாம்பைத் திறக்க மறக்காதீர்கள். மறந்தால் மேலே சொன்ன 350 மில்லி கதைதான்.

கதீட்டரையும் டியூபையும் பிரித்து எடுப்பதும் தப்பு, மூடிய அமைப்பு உடைந்துவிடும். 24 மணி நேர யூரின்போல கல்ச்சருக்கு அல்லாத பரிசோதனைக்குப் பேக்கிலிருந்து எடுக்கலாம்.

தினமும் பெட்டாடின் போட்டுத் துடைக்கணும்னு வார்டில் சொல்றாங்க, புக்கில் சோப்புன்னு இருக்கு?

போடும்போது ஆன்டிசெப்டிக். போட்டபின் தினசரி பராமரிப்புக்குச் சாதாரணக் குளியல் சுத்தம் போதும் என்றுதான் சி.டி.சி.யின் 2009 வழிகாட்டி சொல்கிறது. கதீட்டர் இருக்கும் நாட்களில் மீட்டஸைச் சுற்றி ஆன்டிசெப்டிக் போடுவதால் தொற்று குறைவதில்லை. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக, கதீட்டரை மீட்டஸிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னிழுத்துத் துடைத்தால் கட்டாயம் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுகி, பாராஃபைமோசிஸ் என்ற அவசர நிலையாகிவிடும்.

கதீட்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாத்தணும்? டியூப் கழன்றா திரும்ப மாட்டலாமா?

நாள் கணக்கு வைத்து வழக்கமாக மாற்ற வேண்டியதில்லை. அடைப்பு, தொற்று, மூடிய அமைப்பு உடைவது இவை மாற்றுவதற்கான காரணங்கள். கழன்று கிடந்த முனையை ஸ்வாபால் துடைத்து மாட்டிவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே 2009 வழிகாட்டியின்படி அசெப்டிக் முறையில் கதீட்டர், பேக் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதும், அடைப்பு இல்லாதபோது வழக்கமாக பிளாடர் வாஷ் செய்வதும் தப்பான விடைகள்.

கழற்றிய கதீட்டரும் பேக்கும் சிவப்புப் பையில் போகும், யூரினைக் கொட்டியபின். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி பிளாஸ்டிக் டியூப், பேக் எல்லாம் சிவப்பு. மஞ்சள் என்று டிக் செய்துவிட்டு வந்து வருத்தப்பட்டவர்கள் என் பேட்சிலேயே மூன்று பேர்.

கதீட்டர் போட்ட மறுநாளே காய்ச்சல். இது சி.ஏ.யு.டி.ஐ.தானே?

கணக்குப்படி இல்லை. கதீட்டர் போட்ட நாளை முதல் நாளாக எண்ணி, தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அதாவது மூன்றாம் நாளிலிருந்துதான் சொல்ல முடியும். அதோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் தொட்டால் வலி, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். கல்ச்சரில் ஒரு மில்லிக்கு 1,00,000 அல்லது அதற்கு மேல் காலனி, இரண்டுக்கு மேற்படாத கிருமி வகை. கதீட்டர் எடுத்த அன்றோ மறுநாளோ வந்தாலும் இதில் சேரும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எரிச்சல், அவசரம், அடிக்கடி போக வேண்டும்போல இருப்பது இவற்றைக் கதீட்டர் உள்ளே இருக்கும்போது அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை, கதீட்டரே அந்த உணர்வைத் தரும். யூரின் கலங்கலாக இருப்பதும் நாற்றமும் மட்டும் போதாது.

ஐ.ஓ. சார்ட் கரெக்டா இருக்கணும்னு கதீட்டரை இன்னும் ரெண்டு நாள் வெச்சிருக்கலாமா?

ஐ.சி.யு.வில் மணிக்கணக்கு யூரினை வைத்துச் சிகிச்சையை மாற்றும் நிலை என்றால் சரி. யூரினலோ பெட்பேனோ பயன்படுத்தக்கூடியவருக்கு நம் வசதிக்காக வைத்திருக்கக் கூடாது. கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் யூரினில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் “தொற்றைத் தடுக்க மிகச் சிறந்த வழி” என்ற கேள்விக்கு, கைகழுவுதல் விடைகளில் இல்லாவிட்டால், தேவையில்லாத கதீட்டரை எடுப்பதைத் தேடுங்கள். இரண்டுமே இருந்தால் கேள்வி எதைக் கேட்கிறது என்று மறுபடி படியுங்கள்: பொதுவாகத் தொற்று என்றால் கைகழுவுதல், சி.ஏ.யு.டி.ஐ. என்று குறிப்பிட்டால் கதீட்டரைத் தவிர்ப்பதும் சீக்கிரம் எடுப்பதும்.

எடுக்கறதுக்கு முன்னாடி கிளாம்ப் பண்ணிப் பழக்கணுமா? எடுத்தபின் சார்ட்டை மூடிடலாமா?

குறுகிய நாள் கதீட்டருக்குக் கிளாம்ப் பழக்கம் தேவையில்லை. பலூன் தண்ணீர் முழுவதும் சிரிஞ்சுக்குத் தானாக வரட்டும். 10 மில்லி போட்டிருந்தால் 10 மில்லி வந்ததா என்று பார்த்துவிட்டு மெதுவாக இழுங்கள். வராவிட்டால் பலூன் வாயைக் கத்தரிக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சார்ட்டை மூடக் கூடாது. 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தானாக யூரின் போக வேண்டும், முதல் தடவையின் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். நம் 60 கிலோ நோயாளிக்குக் காலை 9 மணிக்கு எடுத்தோம், 12-க்கு 40, 1-க்கு 30, 2-க்கு 40 மில்லி போனார் என்று வையுங்கள். “யூரின் போயிட்டார்” என்று சந்தோஷப்பட்டு எழுதினால் கோட்டை விட்டோம். ஆர்.எல். ஓடிக்கொண்டிருக்கிற ஆள் ஐந்து மணி நேரத்தில் 110 மில்லிதான் போயிருக்கிறார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், பிளாடர் ஸ்கேன் இருந்தால் பாருங்கள். நிரம்பி வழிவது மட்டும் வெளியே வருகிறது, மிச்சம் உள்ளே தேங்கிக் கிடக்கிறது.